பாக்ஸ்ல "கொடுக்கக் கூடாது"ன்னு எழுதினேன், சர்ச்ல "கொடுக்க ..."ன்னு வந்து நிக்குது

மழைத்துளி

எல்லாருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கு வர்ற காய்ச்சல் பத்தி ஒரு பெரிய கட்டுரை எழுதி வச்சிருக்கேன், சுமார் 3000 வார்த்தை. ஒரு குழந்தை மருத்துவர் முழுசா படிச்சு திருத்திக் கொடுத்தது, அதனால உள்ள இருக்கற விஷயத்துல எனக்கு சந்தேகம் இல்ல. பிரச்சனை என்னன்னா அதை படிக்கறவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு ஒரு கையால போனைத் தள்ளிக்கிட்டு படிக்கறாங்க, 3000 வார்த்தைய அவங்களால படிக்க முடியாது. கீழ வர்ற கேள்வி எல்லாமே கட்டுரைல பதில் இருக்கற கேள்விதான். சரின்னு மேல ஒரு சுருக்கப் பெட்டி போட்டேன். இதுதான் அது:

> குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பதற வேண்டாம். காய்ச்சல் ஏன் வருகிறது, எப்போது ஆபத்து, வீட்டில் என்ன செய்யலாம், என்ன மருந்து கொடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் விரிவாகப் பார்க்கலாம். மருத்துவர் ஆலோசனை இல்லாமல் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

நேத்து சும்மா "குழந்தைக்கு ஆஸ்பிரின்"னு கூகுள்ல தேடிப் பார்த்தேன். என் கட்டுரை வந்துச்சு, தலைப்புக்கு கீழ வந்த வரி "... ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை வீட்டில் இருக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்க ..." அதோட முடிஞ்சிருச்சு. எனக்கு கை நடுங்கிருச்சு. யாராவது உள்ள வராம அந்த வரிய மட்டும் பார்த்துட்டு போயிருந்தா? இப்போதைக்கு அந்த வாக்கியத்தை எடுத்துட்டேன். பெட்டிய எப்படி எழுதறது, எப்படி போடறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. வேர்ட்பிரஸ்ல ஓடுது.

திண்ணை

இதுக்கு ஏன் இவ்ளோ கவலை. மெட்டா டிஸ்கிரிப்ஷன்னு ஒன்னு இருக்குல்ல, அதுல 160 எழுத்துக்குள்ள நீங்க சொல்ல வேண்டியத எழுதிட்டா கூகுள் அதைத்தான் காட்டும், பெட்டில இருக்கறதை தொடவே தொடாது. அப்புறம் பெட்டிய எச்டிஎம்எல்ல `<summary>` டேக்குக்குள்ள போடுங்க, அப்பதான் இது சுருக்கம்னு சர்ச் இன்ஜினுக்கு புரியும்.

பழைய எடிட்டர்

திண்ணை, பாதி சரி. மெட்டா டிஸ்கிரிப்ஷன் எழுதறது நல்லதுதான், ஆனா அது ஒரு வேண்டுகோள் மாதிரி, கட்டளை இல்ல. கூகுளே சொல்லியிருக்கு, கீழ காட்டற வரிய பெரும்பாலும் பக்கத்துல இருக்கற எழுத்துல இருந்துதான் எடுக்கறோம், மெட்டால இருக்கறது பொருத்தமா இருந்தா மட்டும் அதை எடுக்கறோம்னு. தேடற வார்த்தை மாறினா வர்ற வரியும் மாறும். மழைத்துளி தேடினது ஆஸ்பிரின், மெட்டால ஆஸ்பிரின் இல்லன்னா பக்கத்துக்குள்ள அந்த வார்த்தை எங்க இருக்கோ அங்க போய் எடுத்துட்டு வரும். அதான் நடந்திருக்கு. 160ங்கற கணக்கும் விதி கிடையாது, ஸ்கிரீன் அகலத்துக்கு ஏத்த மாதிரி வெட்டுவாங்க, தமிழ் எழுத்து அகலமா இருக்கறதால நமக்கு சீக்கிரமே வெட்டு விழும்.

`<summary>` டேக் வேற விஷயம். அது `<details>`ங்கற மடிச்சு வைக்கற பெட்டியோட தலைப்பு, தொட்டா விரியுமே அந்த வரி. பேர் ஒத்துப்போகுதுங்கறதுக்காக அதுல போட்டுடாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம். மழைத்துளி, உங்க வாக்கியத்துல தப்பு இல்ல, தமிழ் அப்படித்தான். நம்ம மொழில வினை கடைசில வரும், "கூடாது" "இல்லை" "வேண்டாம்" எல்லாம் அதுக்கும் கடைசில வரும். நடுவுல எங்க வெட்டினாலும் முதல்ல போறது அந்த மறுப்புதான். மிச்சம் இருக்கறது நேர் எதிர் அர்த்தம் குடுக்கும். அதுலயும் உங்க வாக்கியம் 11 வார்த்தை, "ஆஸ்பிரின்"ல இருந்து "கூடாது" வர ஏழு வார்த்தை தள்ளிப் போகணும். அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. "ஆஸ்பிரின் கூடாது." முற்றுப்புள்ளி. காரணத்தை அடுத்த வாக்கியத்துல சொல்லுங்க. வெட்டு எங்க விழுந்தாலும் இந்த ரெண்டு வார்த்தைய பிரிக்கறது கஷ்டம்.

நூல்வாசி

என் அனுபவத்தையும் சொல்றேன். நான் நாவல் விமர்சனம் எழுதறேன், ஒவ்வொன்னும் ரெண்டாயிரம் வார்த்தை தாண்டிரும். ஒருத்தர் சொன்னார்னு மேல பெட்டி போட ஆரம்பிச்சேன், மூனு விமர்சனத்துக்கு போட்டதும் ஒரு வாசகர் எழுதினார், "உங்க முடிவ மேலயே சொல்லிட்டீங்க, நான் எதுக்கு கீழ வரணும்"னு. எனக்கு அது சரின்னு பட்டுச்சு, எடுத்துட்டேன். மக்கள் பெட்டிய படிச்சுட்டு போயிடுவாங்க, உங்க உழைப்பு எல்லாம் கீழ கிடக்கும். நீங்களும் யோசிச்சுக்கோங்க.

பழைய எடிட்டர்

நூல்வாசி, உங்க விஷயத்துல நீங்க எடுத்தது சரி. விமர்சனத்துல ஒருத்தர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்ங்கறதுதான் வாசிப்பு, முடிவு மட்டும் தனியா ஒன்னும் இல்ல. காய்ச்சல் கட்டுரைல அப்படி இல்ல. அங்க ஒரு அம்மா பெட்டிய மட்டும் படிச்சுட்டு டாக்டர்கிட்ட ஓடினா கட்டுரை அதோட வேலைய செஞ்சிருச்சு.

ஆனா உங்க பயம் இன்னொரு தப்புக்கு ஆளுங்களை தள்ளும், அதை மழைத்துளி பெட்டிலயே பார்க்கலாம். "எப்போது ஆபத்து, என்ன மருந்து கொடுக்கலாம் என்பதை விரிவாகப் பார்க்கலாம்". அது சுருக்கம் இல்ல, கடை வாசல்ல கூப்பிடற குரல். கேள்வியச் சொல்லுது, பதிலைச் சொல்லல. என்கிட்ட வர்ற கட்டுரைல நான் வச்சு பார்க்கற சோதனை ஒன்னுதான்: பெட்டிய மட்டும் படிச்சவர் கட்டுரையப் படிக்காமலே ஏதாவது ஒன்னை சரியா செய்ய முடியுமா? முடியலன்னா திரும்ப எழுதச் சொல்லுவேன்.

செவிவழி

நான் ஸ்கிரீன் ரீடர்ல படிக்கறவன், பார்வை கிடையாது. ஒரு வேண்டுகோள் வச்சுட்டு போறேன். பெட்டிய தயவுசெஞ்சு படமா போடாதீங்க, அழகா கலர் வச்சு டிசைன் பண்ணி படமா ஏத்திடறாங்க, எனக்கு அங்க "இமேஜ்"னு ஒரு வார்த்தைதான் கேக்குது. சர்ச்சுக்கும் அந்த எழுத்தை நம்பி குடுக்க முடியாது. அப்புறம் பெட்டிக்கு உண்மையான ஹெட்டிங் குடுங்க, வெறும் தடிச்ச எழுத்து வேணாம். நாங்க எச் பட்டனை அழுத்தி ஹெட்டிங் ஹெட்டிங்கா தாவித்தான் பக்கத்தை பார்ப்போம், "சுருக்கம்"னு ஒரு ஹெட்டிங் இருந்தா ஒரே தாவல்ல வந்துடுவேன். மடிச்சு வைக்கற பெட்டியும் வேணாமே, அவசரத்துக்கு வந்தவனை இன்னொரு பட்டன் அழுத்த வைக்கறதுல என்ன பிரயோஜனம்.

கோடுக்காரன்

செவிவழி சொன்னதுல ஒரு சின்ன சிக்கல், எச்2 குடுத்தா பொருளடக்கம் பிளகின் அதையும் தூக்கி லிஸ்ட்ல முதல் வரியா போடும். பெரும்பாலான பிளகின்ல ஒரு ஹெட்டிங்கை விலக்கற வசதி இருக்கு, அதுல விலக்கிடுங்க, ஹெட்டிங்கை எடுத்துடாதீங்க.

நான் சொல்ல வந்தது வேற. வேர்ட்பிரஸ்ல எக்சர்ப்ட் தனியா எழுதலன்னா அது கட்டுரையோட முதல் 55 வார்த்தைய தானா எடுத்துக்கும். இப்ப முதல்ல இருக்கறது உங்க பெட்டி. அதனால லிஸ்ட் பக்கத்துலயும், சில தீம்ல ஷேர் பண்ணும்போது வர்ற கார்டுலயும் "சுருக்கம்"ங்கற ஹெட்டிங்கும் பெட்டியும் ஒட்டிக்கிட்டு வந்து 55வது வார்த்தைல அந்தரத்துல நிக்கும். எக்சர்ப்டை கையால எழுதிடுங்க, அதுலயே பாதி தீரும்.

அடுத்து உங்க தீம் மெட்டா டிஸ்கிரிப்ஷனை எப்படி வெட்டுதுன்னு பாருங்க. நான் ஒரு தீமைத் திறந்து பார்த்தப்ப `substr( $text, 0, 160 )`னு இருந்துச்சு. அது எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். ஒவ்வொரு தமிழ் குறியீட்டுக்கும் 3 பைட், 160 பைட்டுன்னா 53 குறியீடு முடிஞ்சு ஒரு பைட் மிச்சம், அந்த தீம்ல வரியோட கடைசில கறுப்பு டைமண்டுல ஒரு கேள்விக்குறி வந்துச்சு, அது இதனாலதான். `mb_substr` போட்டா அந்த டைமண்ட் போயிடும், ஆனா இன்னும் சரியாகாது. "குழந்தைக்கு"ங்கறது நம்ம கண்ணுக்கு 6 எழுத்து, மெஷினுக்கு 11 குறியீடு. 10ல வெட்டினா "குழந்தைக்க"ன்னு வரும், எந்த எர்ரரும் காட்டாது, சும்மா எழுத்துப்பிழை மாதிரி உக்காந்திருக்கும். `grapheme_substr` தான் நம்ம எழுத்தை எழுத்தா எண்ணும், அதுக்கு சர்வர்ல பிஎச்பியோட `intl` எக்ஸ்டென்ஷன் இருக்கணும்.

நான் எழுதி வச்சிருக்கறது இது. நடு வாக்கியத்துல வெட்டவே வெட்டாது, முழு வாக்கியம் முடியற இடத்துக்கு பின்னால போயிடும்:

```php
function muzhu_vakkiyam( $text, $max = 110 ) {
    if ( grapheme_strlen( $text ) <= $max ) {
        return $text;
    }
    $cut = grapheme_substr( $text, 0, $max + 1 );
    $end = mb_strrpos( $cut, '. ' );
    return $end === false ? '' : mb_substr( $cut, 0, $end + 1 );
}
```

வெறும் புள்ளிய தேடாம புள்ளியும் இடைவெளியும் சேர்த்து தேடறேன், ஏன்னா 100.4னு இருந்தா அந்த புள்ளிலயே வாக்கியம் முடிஞ்சதா நினைச்சு "100."னு வெட்டிடும். முதல் வாக்கியமே 110 எழுத்தை தாண்டினா காலியா திருப்பி அனுப்பும், அரைகுறையா ஒன்னு போறதுக்கு காலியா இருக்கறது பரவாயில்லன்னு வச்சிருக்கேன். 110ங்கறது என் கைக்கணக்கு, நீங்க மாத்திக்கலாம்.

திண்ணை

`<summary>` பத்தி நான் சொன்னது தப்புதான், பார்த்துட்டேன், நன்றி. ஆனா கோடுக்காரன், உங்க பங்ஷன் உங்க சைட்டுல வெட்டறதைத்தானே சரி பண்ணுது? கூகுள் அவங்க பக்கத்துல வெட்டறதுக்கு என்ன பண்ணுவீங்க?

கோடுக்காரன்

நல்ல கேள்வி. ஒன்னும் பண்ண முடியாது, எங்க வெட்டறதுன்னு சொல்ல வழியே கிடையாது. `max-snippet`னு ஒன்னு இருக்கு, அது இத்தனை எழுத்துக்கு மேல காட்டாதேன்னு உச்சவரம்பு வைக்கும், அவ்ளோதான். ஆனா இன்ன பகுதிய எடுக்காதேன்னு சொல்லலாம். `span`, `div`, `section` இந்த மூனு டேக்ல `data-nosnippet`னு போட்டா அதுக்குள்ள இருக்கறது கீழ் வரியா வராது:

```html
<div data-nosnippet>
  <!-- மருந்து அளவு அட்டவணை -->
</div>
```

மழைத்துளி அக்கா, உங்க மருந்து அளவு அட்டவணைய கண்டிப்பா இதுக்குள்ள வைங்க. பாராசிட்டமால் எத்தனை மில்லிங்கறது எடையையும் சிரப்போட திறனையும் பொறுத்தது, அந்த அட்டவணைல இருந்து ஒரு வரிய மட்டும் உருவி சர்ச்ல காட்டினா யாரோ ஒருத்தர் அதைப் பார்த்து ஊத்துவாங்க.

மழைத்துளி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, உக்காந்து திரும்ப எழுதியிருக்கேன். பாருங்க:

> 3 மாதம் நிறையாத குழந்தைக்கு உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் (100.4 பாரன்ஹீட்) அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் விழிக்காத நிலை இருந்தால் எந்த வயதிலும் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பிரின் கூடாது. குழந்தைகளுக்கு அது ரேய் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கலாம். பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது, அட்டவணை கீழே இருக்கிறது.

முதல்ல மருந்து அளவையும் பெட்டிலயே போட்டுடலாம்னுதான் இருந்தேன், கோடுக்காரன் தம்பி சொன்னதைப் படிச்சதும் எடுத்துட்டேன். அளவைச் சொன்னா எடையச் சொல்லணும், சிரப்புல 5 மில்லிக்கு எவ்ளோ மருந்துன்னு சொல்லணும், அப்புறம் அது பெட்டியா இருக்காது.

பழைய எடிட்டர்

இது சுருக்கம். சோதனைல பாஸ் ஆகுது, இதை மட்டும் படிச்சவர் எப்ப கிளம்பணும்னு தெரிஞ்சுப்பார்.

ஒரே ஒரு திருத்தம். முதல் வாக்கியம் நீளம், "உடனே மருத்துவரிடம் போங்கள்"ங்கறது கடைசில மாட்டிக்கிச்சு. இதை "உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை: 3 மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி..."ன்னு முன்னாடி இழுத்துடுங்க. வெட்டு விழுந்தாலும் என்ன செய்யணுங்கறது மிச்சம் இருக்கும்.

செவிவழி

எடிட்டர் ஐயா, இதுல நான் ஒத்துப்போகல. காதால கேக்கறவனுக்கு நிபந்தனை முதல்ல வரணும். "உடனே மருத்துவரிடம்"னு கேட்ட உடனே பதறிப்போய் மிச்சத்தை யாரும் கேக்க மாட்டாங்க, 3 மாசங்கறது காதுல விழாது, நாலு வயசு குழந்தைக்கு 38 டிகிரின்னதும் ராத்திரியே கிளம்பிடுவாங்க. தமிழ்ல "இப்படி இருந்தா இதைச் செய்"ங்கறதுதான் இயல்பான வரிசை, பேசறப்ப நாம அப்படித்தான் பேசறோம். வாக்கியத்தைப் புரட்டிப் போடறதுக்கு பதிலா சின்னதா ஆக்கினா போதாதா? "3 மாதம் நிறையாத குழந்தையா? 38 டிகிரி தொட்டாலே மருத்துவரிடம் போங்கள்."

பழைய எடிட்டர்

அந்த ரெண்டு வரி நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். பதறுவாங்கங்கறதை அவ்ளோ சுலபமா ஒத்துக்க முடியல, தேவையில்லாம ஒரு தடவை டாக்டர்கிட்ட போறதுல நஷ்டம் கம்மி, போகாம விடறதுல நஷ்டம் அதிகம். பெட்டில எப்பவுமே எந்தப் பக்கம் தப்பினா பரவாயில்லைன்னு பார்த்துதான் நான் வரிசைய முடிவு பண்ணுவேன். நீங்க காதுல இருந்து பார்க்கறீங்க, நான் வெட்டுல இருந்து பார்க்கறேன். மழைத்துளி முடிவு பண்ணட்டும்.

அடைப்பலகை

லேட்டா வர்றேன். எனக்கும் காய்ச்சல் விஷயத்துல ஒரு கேள்வி, என் பொண்ணுக்கு அக்குள்ல வச்சு பார்த்தா 37.4 காட்டுது, உடம்பு சுடுது, பெட்டில 38னு மட்டும் போட்டா நாங்க எல்லாம் 38 இல்லன்னு சும்மா இருந்துடுவோமே? அக்குள்ல குறைவாத்தானே காட்டும்?

மழைத்துளி

குறைவாத்தான் காட்டும், கட்டுரைல எங்க வச்சு அளக்கணும்னு ஒரு பகுதியே இருக்கு. ஆனா நீங்க கேட்டது பெட்டிக்கும் பொருந்துது. இதையும் சேர்த்தா நீளம் ஆகுது, விட்டா 38ங்கற எண் தனியா நின்னு தப்பா வழிகாட்டுது. இதை எப்படி வைக்கறதுன்னு எனக்கு புரியல. உங்க பொண்ணு எத்தனை மாசம்? 3 மாசம் ஆகலன்னா எண்ணைப் பார்க்காம டாக்டருக்கு போன் பண்ணிடுங்க.

அடைப்பலகை

ரெண்டு வயசு. விளையாடிக்கிட்டுதான் இருக்கா, நன்றி.

நூல்வாசி

ஒன்னு சேர்க்கறேன், விமர்சனம் இல்லாம முன்னாடி போன் செட்டிங் பத்தி ஒரு கட்டுரை வச்சிருந்தேன், அதுல பெட்டி இருந்துச்சு. அப்டேட் வந்து மெனு பேர் மாறினதும் கட்டுரைக்குள்ள மாத்தினேன், பெட்டில மாத்த மறந்துட்டேன். ஒரு வருஷம் பெட்டி ஒன்னு சொல்லுச்சு, கட்டுரை ஒன்னு சொல்லுச்சு. படிக்கறவங்க பெட்டியத்தான் நம்பினாங்க, மேல இருக்குல்ல. நான் சுருக்கத்தை மெட்டால தனியா, எக்சர்ப்ட்ல தனியா, பெட்டில தனியான்னு மூனு இடத்துல வேற வேற எழுதி வச்சிருந்ததுதான் காரணம்.

கோடுக்காரன்

அதனாலதான் எக்சர்ப்ட் பீல்டுல ஒரு தடவை எழுதி அதையே பெட்டியாவும் மெட்டாவாவும் எடுக்கற மாதிரி தீம்ல வச்சுக்கறேன். மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும். நீளம் மட்டும் மெட்டாவுக்கு மேல சொன்ன பங்ஷன் வழியா போகும், அதனால முதல் வாக்கியம் தனியா நின்னாலும் அர்த்தம் தரணும், அதை எழுதறப்பவே பார்த்துக்கணும்.

மழைத்துளி

செவிவழி சொன்ன ரெண்டு வரியவே முதல்ல வச்சேன், "38 டிகிரி"க்கு அப்புறம் "அக்குளில் அளந்தால் இதைவிடக் குறைவாகக் காட்டும்"னு ஒரு தனி வாக்கியம். ஆஸ்பிரின் வரி அப்படியே இருக்கு. அட்டவணைய `data-nosnippet`க்குள்ள வச்சாச்சு, எக்சர்ப்டும் கையால எழுதியாச்சு. சர்ச் கன்சோல்ல அந்தப் பக்கத்தை திரும்ப பார்க்கச் சொல்லி கேட்டேன், நாலு நாள் கழிச்சு இன்னிக்கு தேடினா "ஆஸ்பிரின் கூடாது. குழந்தைகளுக்கு அது ரேய் சிண்ட்ரோம் என்ற ஆபத்தான ..."ன்னு வருது. போன்லயும் கம்ப்யூட்டர்லயும் பார்த்தேன், ரெண்டுலயும் "கூடாது" இருக்கு.

"குழந்தை காய்ச்சல் 38"னு தேடினா மட்டும் பெட்டிய விட்டுட்டு கட்டுரைக்கு நடுவுல இருந்து ஒரு நீள வாக்கியத்தை எடுக்குது, அதுவும் கடைசில வெட்டுப்பட்டுத்தான் நிக்குது. அப்ப பெட்டிய மட்டும் திருத்தி பிரயோஜனம் இல்ல, கட்டுரைக்குள்ள இருக்கற ஒவ்வொரு "கூடாது"வையும் தேடிப்பிடிச்சு பார்க்கணும். மொத்தம் 17 இருக்கு, இன்னிக்கு ஆறு முடிச்சிருக்கேன்.